ஊரில் வாராக்கடன், இங்கே மலேசியாவில் ஜாமீன்தாரர்: ஓ.டி.எஸ். முடித்த கதை

செந்தூல் செல்வம்:
அண்ணன் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்தினார். அப்பா வீட்டை அடமானம் வைத்து வங்கிக் கடன். ஜாமீன்தாரராக என் கையெழுத்து. ஆர்டர் நின்றது, வட்டி 90 நாளுக்கு மேல் கட்டவில்லை, கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன் ஆனது. அப்புறம், அடமானச் சொத்தை வங்கி நேராகப் பிடிக்க வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ்: 60 நாளுக்குள் முழுத் தொகையும் கட்டு என்று. அதில் என் பெயரும் இருந்தது. பக்கத்து வீட்டு மாமா வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரியும்.

ஓ.டி.எஸ். என்றால் குறைத்த தொகையைக் கட்டிக் கடனை ஒரேயடியாக முடிப்பது. அதைக் கேட்கும்போது நம்மில் பலர் நம் கஷ்டத்தைத்தான் எழுதுகிறோம். நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம்: தொழில் போச்சு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, 20 லட்சம் தருகிறோம். ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். வங்கி பார்ப்பது இதை அல்ல, ஏலம் விட்டால் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதைத்தான்.

எங்கள் கணக்கில் மூன்று தொகைகள் இருந்தன. என்.பி.ஏ. ஆன அன்று லெட்ஜரில் இருந்த பாக்கி 34 லட்சம். அதற்குப் பிறகு வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து வங்கி கேட்டது 47 லட்சம். மூன்றாவது, வீட்டை அவசரத்தில் விற்றால் கிடைக்கும் விலை. வங்கியின் மதிப்பீட்டாளர் அதை 40 லட்சம் என்று எழுதியிருந்தார். வீட்டுக்குப் போகும் சந்து சித்தப்பாவோடு பொதுவானது, வெளி ஆள் வாங்கத் தயங்குவான். கோவை வக்கீல் அந்தச் சந்தைத்தான் பிடித்தார். ஏலத்தில் இழுபறி, செலவு, காலதாமதம் போக உங்களுக்கு 40-இல் எவ்வளவு மிஞ்சும், இப்போதே 35 வாங்கிக்கொள்ளுங்கள் என்று கணக்குப் போட்டே மனு எழுதினார். மண்டல அலுவலகக் கமிட்டி ஒப்புக்கொண்டது. கிளை மேலாளருக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

10 சதவீதம், அதாவது 3.5 லட்சத்தை மனுவோடு ‘நோ லீன்’ கணக்கில் போட்டோம். மனு தள்ளுபடியானால் திருப்பித் தர வேண்டிய பணம் அது, கடனில் கழிக்கக்கூடாது. மீதி 31.5 லட்சத்துக்கு 90 நாள் கெடு.

பிரிக்பீல்ட்ஸ் ராஜா:
இவ்வளவு அலைச்சல் ஏன் அண்ணே? கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.-க்குப் போயிருக்கலாமே. இலவசம்தான். என் காரை இழுக்க வந்தபோது அவர்களிடம் போனேன், தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

செந்தூல் செல்வம்:
தம்பி, அது இங்குள்ள வங்கிக் கடனுக்கு. திருப்பூர்க் கிளையோடு ஏ.கே.பி.கே. என்ன பேசும்?

ஜார்ஜ்டவுன் மீனா:
எங்கள் காரைக்குடி வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. கடை வைக்கத் தம்பி பெயரில் 14 லட்சம் வாங்கினோம், வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயமான டி.ஆர்.டி.-க்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான், வருஷக்கணக்கில் இழுக்கும், பயப்படாதே என்று சொந்தக்காரர் சொல்கிறார். நானும் அப்படித்தான் படித்தேன்.

ஆயர் ஈத்தாம் பெரியவர்:
மீனாம்மா, அது பாதி சரி. நான் ஊரில் வங்கி ரெக்கவரி பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். வங்கி டி.ஆர்.டி.-யில் வழக்குப் போடத்தான் 20 லட்சம் வேண்டும், 2018-இல் அப்படி உயர்த்தினார்கள். ஆனால் வீடு அடமானத்தில் இருந்தால் வங்கி எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல் சர்ஃபாசியில் நேராக வீட்டைப் பிடிக்கும். அதற்கு 20 லட்சக் கணக்கு கிடையாது. அப்போது டி.ஆர்.டி.-க்குப் போக வேண்டியது நீங்கள்தான். 17-ஆம் பிரிவில் மனுப் போட 45 நாள்தான் அவகாசம்.

செல்வம் சொன்னதில் இன்னொன்று. ஓ.டி.எஸ். கேட்பது யாருக்கும் உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது, கொடு என்று வங்கிக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட முடியாது என்று. வங்கியின் திட்டத்துக்குள் நீங்கள் வந்தால்தான் பேச்சு. ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு, அறிவிப்பு வெளியான நாளோடு முழுக் கடனையும் கட்டி மீட்கும் உரிமையே போய்விடுகிறது. ஏல நாள்வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்த பலரை நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் கோப்பில் எழுத ஒன்றும் இருக்காது.

செந்தூல் செல்வம்:
ஐயா சொல்வது உண்மை. எங்கள் அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி: கெடு தவறினால் சலுகை ரத்து, கட்டிய பணம் கடனில் கழிக்கப்படும், 47 லட்சமும் மறுபடி உயிர் பெறும். மேலாளர் வாயால் சொன்னதோ ‘ஒரு வாரம் முன்னே பின்னே ஆனா பரவாயில்ல சார்.’ வக்கீல் அதை மெயிலில் எழுதித் தரச் சொன்னார். மேலாளர் மூச்சுவிடவில்லை. தங்கையின் மனையை விற்றும் என் சேமிப்பைப் போட்டும் கெடுவுக்குள் கட்டினோம்.

கட்டி முடித்தவுடன் நிம்மதி என்று நினைக்காதீர்கள். நிலுவை இல்லை என்ற சான்றிதழ், மூலப்பத்திரம், அடமானத்தை ரத்து செய்யும் ரசீது பத்திரப் பதிவு, மூன்றும் வேண்டும். பதிவு நடக்காவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். தனிநபர் கடன்களில் பத்திரத்தை 30 நாளுக்குள் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவு போட்டிருக்கிறது. எங்களுடையது தொழில் கடன்தான், இருந்தாலும் அதைச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்ததும் காணாமல் போன பத்திரம் கிடைத்துவிட்டது!

ஆயர் ஈத்தாம் பெரியவர்:
கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் ‘செட்டில்டு’ என்றுதான் வரும், ‘க்ளோஸ்டு’ என்று வராது. அண்ணனுக்கு அடுத்த கடன் சுலபத்தில் கிடைக்காது.

கெப்போங் கார்த்தி:
எனக்கு ஒரு சந்தேகம். நான் மாமாவுக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன், எனக்கு இங்கே பி.ஆர்., இங்கேதான் வீடும். டி.ஆர்.டி. உத்தரவை வைத்து அந்த வங்கி என் கோலாலம்பூர் வீட்டைத் தொட முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் ராஜா:
முடியவே முடியாது. அது வேற நாட்டுக் கோர்ட்.

ஆயர் ஈத்தாம் பெரியவர்:
அவ்வளவு அடித்துச் சொல்லாதீர்கள் தம்பி. இரண்டு நாட்டுக்கும் இடையே கோர்ட் தீர்ப்புகளை அமலாக்கும் ஏற்பாடு இருக்கிறது, இங்கே 1958-ஆம் வருஷச் சட்டம். ஆனால் டி.ஆர்.டி. என்பது தீர்ப்பாயம், அது அந்தச் சட்டத்தில் சொல்லும் கோர்ட்டா என்பதில்தான் வாதமே. நான் இருந்த காலத்தில் இந்த அளவு கடனுக்கு வங்கி கடல் தாண்டிச் செலவு செய்து பார்த்ததில்லை. அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாமல் இங்குள்ள வக்கீலிடம் கேளுங்கள். ஊரில் உங்கள் பெயரில் சொத்தோ கணக்கோ இருந்தால் அது நிச்சயம் மாட்டும். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு ஜாமீன்தாரரிடமே முதலில் வசூலிக்கவும் வங்கிக்கு வழி உண்டு.

மீனாம்மா, உங்களுக்கு வந்தது 13(2)-ஆ 13(4)-ஆ? கதவில் ஒட்டியிருந்தார்களா?

ஜார்ஜ்டவுன் மீனா:
ஒட்டியிருக்கிறார்கள் ஐயா. தமிழ்ப் பேப்பரிலும் வந்ததாம். தம்பி படம் அனுப்பி ஐந்து வாரம் இருக்கும். பவர் பத்திரம் எழுத ஹை கமிஷனில் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் பெரியவர்:
அப்படியென்றால் அது பெரும்பாலும் 13(4), சுவாதீன நோட்டீஸ். அப்படியானால் 45 நாள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பவருக்காகக் காத்திருக்க வேண்டாம், கடன் தம்பி பெயரில்தானே, அவர் பெயரிலேயே மதுரை டி.ஆர்.டி.-யில் மனுப் போடலாம். நாளைக்கே வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். 13(2)-க்கு நீங்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் தந்ததா என்று அந்தக் காகிதங்களையும் தேடி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.