ஆற்று வளைவுப் படம்: கொள்ளிடம், குடமுருட்டிக் கரைக்காரர்கள் உதவுங்கள்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆற்று வளைவுப் படத்தை விளக்குகிறேன். வெளி வளைவில் நீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கிறது, உள் வளைவில் வேகம் தணிந்து மணல் படிகிறது. அதனால்தான் குறுக்குவெட்டில் வெளிப்பக்கம் ஆழமாகவும் செங்குத்தாகவும், உள்பக்கம் சரிவாகவும் இருக்கிறது. இதுவரை சரி.

ஆற்றிலிருந்து அறுந்து தனியே நிற்கும் பழைய வளைவான குருட்டு ஆற்றுக்கு வந்ததும், வளைவின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலமான கழுத்து ஏன் குறுகுகிறது என்று கேட்கிறார்கள். படத்தில் நீரோட்ட அம்புகளைப் பின்தொடர்ந்தால், கழுத்தின் இரண்டு பக்கமும் அடுத்தடுத்த வளைவுகளின் வெளிக்கரை என்பது தெரியும். இரு பக்கமும் அரிபடுகிறது. ஒரு வெள்ளத்தில் கழுத்து அறுந்ததும், குறுக்குவழியில் சரிவு கூடுதல் என்பதால் ஆறு அதிலேயே ஓடுகிறது. பழைய வளைவின் இரு வாய்களையும் வண்டல் அடைக்க, குருட்டு ஆறு மிஞ்சுகிறது.

இதை நம்மூர்ப் படங்களோடு காட்ட ஆசை. டெல்டாவில் கரை கட்டியிருப்பதால் ஆறு தாராளமாக நகராது. ஆனாலும் தண்ணீர் வற்றியதும் வளைவுகளில் மணல் திட்டு தெரியும். ஒரே வளைவின் இரு கரைகளையும் காட்டும் படம் இருந்தால், எந்தப் பக்கம் நீர் ஓடுகிறது என்று குறித்து அனுப்புங்கள். அறுந்த பழைய வளைவு எங்காவது தெரிந்தால் இடத்தையும் சொல்லுங்கள்.