என் வீட்டுப் படத்தைப் போட்டு வேறு யாரோ டோக்கன் அட்வான்ஸ் வாங்குகிறார், என்ன செய்வது?

மாடிவீடு_ஸ்ரீரங்கம்
ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. இரண்டு படுக்கையறை, வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000. புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷன் கேட்டதால் நானே ஒரு பக்கம் செய்து, படங்கள், முழு முகவரி, செல் நம்பர் எல்லாம் போட்டிருக்கிறேன். நேற்று ஒரு தம்பி பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறார். இந்த வீட்டை 8,000 வாடகைக்குப் பேசி முடித்து 4,000 டோக்கனும் ஜிபேயில் அனுப்பிவிட்டாராம். பணம் போன பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அவர் காட்டிய விளம்பரத்தில் இருப்பவை முழுக்க என் படங்கள், கதவு எண் உட்பட. நம்பரை எடுத்துவிட்டால் இது நிற்குமா?

கணினி_கார்த்தி
நம்பரை எழுத்தாகப் போடாமல் படமாகப் போடுங்கள். தானாக நம்பர் பொறுக்கும் நிரல்கள் பலவற்றால் அதை எளிதில் படிக்க முடியாது, வேண்டாத அழைப்பு குறையும்.

தில்லைநகர்_அக்கா
கார்த்தி சொல்வது வேண்டாத அழைப்புக்குச் சரி, ஆனால் இங்கே நடந்தது வேறு. ஏமாற்றியவருக்கு உங்கள் நம்பரே தேவையில்லை, தன் நம்பரைத்தான் போட்டிருப்பார். அவருக்கு வேண்டியது படமும் முகவரியும். ஆள் போய் வெளியே நின்று பார்த்தால் படத்தில் இருக்கும் அதே வீடு, நம்பிவிடுவார்கள். "ஓனர் வெளியூரில் இருக்கிறார், இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், டோக்கன் போட்டால் உங்களுக்கு" என்று மிச்சத்தைப் போனிலேயே முடித்துவிடுவார்கள். வாடகையைக் குறைத்துப் போட்டிருப்பதும் அவசரப்பட வைக்கத்தான்.

அதனால் முதலில் முகவரியை எடுங்கள். "ஸ்ரீரங்கம், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்" என்ற அளவு போதும், பேசிப் பார்த்து வருகிறவர் என்று தெரிந்த பிறகு லொகேஷன் அனுப்பலாம். வாசல் படத்தில் கதவு எண்ணும், ஜன்னல் வழியே எதிர்க்கடைப் பெயர்ப்பலகையும், மீட்டர் பெட்டியில் எழுதிய ஈபி இணைப்பு எண்ணும் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் நடுவில், தரையும் சுவரும் சேரும் இடத்தில், இப்படி எழுத்துப் போடுங்கள்: "நேரில் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பணம் வாங்குவதில்லை". ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். படத்தைத் திருடினாலும் அந்த வரியோடுதான் திருட வேண்டும்.

கணினி_கார்த்தி
ஆமாம் அக்கா, முகவரியை நான் யோசிக்கவில்லை. இன்னொன்று, செல்போனில் லொகேஷன் ஆனில் இருக்கும்போது எடுத்த படத்துக்குள்ளேயே இடம் பதிந்திருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது போய்விடும், சொந்தப் பக்கத்தில் நேராக ஏற்றினால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கணினியில் இருந்தால்:

```
exiftool -gps:all= *.jpg
```

பழைய படம் `_original` என்ற பெயரில் அதே ஃபோல்டரில் நிற்கும், அதையும் சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். இது முடியாது என்றால் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை ஏற்றுங்கள்.

பஜார்_கடைக்காரர்
எனக்கும் இதே தொல்லைதான். கடையை வாடகைக்குப் போட்ட அன்றே ஒருவர் ராணுவத்தில் அதிகாரி, மாற்றலாகி வருகிறேன் என்று பேசி அடையாள அட்டையும் அனுப்பினார். கடையைப் பார்க்கவே இல்லை, அட்வான்ஸ் போடுகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்றார். மகன் பிடுங்கி வைத்துவிட்டான். கடைக்கு அட்வான்ஸ் எத்தனை மாதம் கேட்கலாம்?

தில்லைநகர்_அக்கா
உங்களுக்கு வந்தது ஓனரைப் பிடிக்கிற வகை, அண்ணா. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அட்வான்ஸைப் பொறுத்தவரை, நம் மாநில வாடகைச் சட்டம் 2019-இல் அமலுக்கு வந்தது, தனியாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சம். கடைத்தெருவில் பத்து மாதம் கேட்கிற வழக்கமும் இருக்கிறது, எதுவானாலும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

மாடிவீடு_ஸ்ரீரங்கம்
முகவரியை எடுத்துவிட்டேன், கதவு எண் தெரிந்த படத்தையும் மாற்றிவிட்டேன். பக்கத்தின் மேலேயே வாடகை, அட்வான்ஸ், ஈபி தனி மீட்டர், பணம் வாங்குகிற நேரம் எல்லாம் எழுதிவிட்டேன். சொந்த நம்பருக்குப் பதில் பழைய போனில் வேறு சிம் போட்டு அதைக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பியை 1930-க்கு அழைக்கச் சொன்னேன், புகார் பதிந்துவிட்டார், பணம் திரும்புமா தெரியவில்லை. போலி விளம்பரத்தை ரிப்போர்ட் செய்து நீக்கிவிட்டார்கள். ஆனால் கூகுள் லென்ஸில் என் சமையலறைப் படத்தைப் போட்டுத் தேடினால் இன்னொரு தளத்தில் 7,500 வாடகை என்று கிடக்கிறது. அதற்கு யாரைக் கேட்பது?

தில்லைநகர்_அக்கா
அந்தத் தளத்திலும் ரிப்போர்ட் கொடுங்கள், உங்கள் அசல் படத்தையும் வீட்டு வரி ரசீதையும் இணைத்து. ரசீதில் வரிவிதிப்பு எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள். சில தளங்கள் பதிலே போடாது, அப்போது விளம்பர இணைப்பையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்து cybercrime.gov.in-இல் தனியாகப் புகார் கொடுங்கள். அதுவரை கேட்டில் ஒரு தாளில் கீழ்வீட்டு நம்பரை எழுதி ஒட்டுங்கள், நேரில் வருகிறவராவது பணம் போடும் முன் உங்களைக் கேட்பார்.