அப்பா அம்மா வெள்ளி விழாவுக்குப் பாட்டு வேணும்

ஞாயிற்றுக்கிழமை விழா. 90 போட்டோ, ஒண்ணுக்கு 5 விநாடின்னா ஏழரை நிமிஷம். மூணு பாட்டு, ஒவ்வொண்ணும் இரண்டரை நிமிஷத்துக்கு வெட்டணும்.

கல்யாணம் 2000-ல. அதனால கல்யாண ஆல்பத்துக்கு அதே வருஷத்து ‘அலைபாயுதே’ படத்துல இருந்து ‘பச்சை நிறமே’. நாங்க பிறந்த படங்களுக்கு ‘ஆனந்த யாழை’. அப்பா தங்கச்சியைத் துண்டுல சுத்தித் தூக்கி நிக்கிற போட்டோ அதுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு.

கடைசிப் பகுதிதான் சிக்கல். சித்தி ‘என்ன சொல்லப் போகிறாய்’ போடச் சொல்றாங்க. மெட்டு அருமைதான், ஆனா வரியெல்லாம் பதில் சொல்லாத பொண்ணுகிட்ட கெஞ்சல். 25 வருஷம் கழிச்சு அப்பா இன்னும் கெஞ்சணுமா!

நரைச்ச தலையோட ரெண்டு பேரும் திண்ணையில உக்கார்ந்திருக்கிற படங்களுக்கு, பிரிவு, சோகம் இல்லாத மெதுவான டூயட் ஒண்ணு சொல்லுங்களேன். முன்னிசை நீளமா இருந்தா நல்லது, அதுமேல பாட்டியோட வாழ்த்துக் குரலைப் போடணும்.