இரு சுவரும் ஒரே உயரம் என்றால் எதை நகர்த்துவது?

வணக்கம். அதிக நீர் பிடிக்கும் இரண்டு சுவர்களைத் தேடும் கணக்கில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். என் உதாரணம்: `h = [3, 9, 4, 8, 2, 7]`

இரு முனையிலும் தொடங்கினால் 3-க்கும் 7-க்கும் நடுவே அகலம் 5, நீர் 15. குட்டைச் சுவரான 3-ஐ விட்டு உள்ளே நகர்கிறோம். 3-ஐ வேறு எந்தச் சுவரோடு சேர்த்தாலும் நீர் 3-க்கு மேல் ஏறாது, அகலமும் 4-ஐத் தாண்டாது. அதிகபட்சம் 12தான். அதனால் அந்த நான்கு ஜோடிகளையும் பார்க்காமலே தள்ளலாம். சரி, இது வரை புரிகிறது. அடுத்த படியில் 9-ம் 7-ம் சேர்ந்து 28, அதுவே விடை. (முதலில் உயரமான பக்கத்தை நகர்த்திப் பார்த்தேன், 15-லேயே நின்றுவிட்டது!)

```
if h[i] <= h[j]: i += 1
else: j -= 1
```

என் சந்தேகம் அந்த `<=` மேல்தான். `[5, 9, 9, 5]` என்று வந்தால் இடப்பக்க 5-ஐ மட்டும் விடுகிறோம். வலப்பக்க 5-க்கும் அதே வாதம் பொருந்துகிறதே, அப்போது இரண்டையும் ஒரே படியில் நகர்த்தினால் ஏதாவது ஜோடி தவறிப்போகுமா? தவறாது என்றுதான் படுகிறது. தவறும் உதாரணம் யாரிடமாவது இருந்தால் காட்டுங்களேன்.