பெருக்கி 5 என்கிறது ஒரு ஸ்லைடு, வட்டி ஏறினால் பணவீக்கம் குறையும் என்கிறது மற்றொன்று

முதுகலை மாணவி:
எங்கள் பொருளியல் பாடத்தில், கூடுதல் வருமானத்தில் செலவாகும் பங்கான நுகர்வு நாட்டம் 0.8 என்றால், ஒரு செலவு மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்று காட்டும் பெருக்கி 1/(1 − 0.8) = 5 என்று ஒரு ஸ்லைடு சொல்கிறது. நான்கு ஸ்லைடுகள் தள்ளி, வட்டி உயர்ந்தால் பணவீக்கம் குறையும் என்று ஓர் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
முதலில் அந்த 5 என்ற எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரியும் இறக்குமதியும் இல்லாத ஒரு கற்பனை நாட்டுக்குத்தான் அது பொருந்தும். அரசு 100 கோடி ரூபாய்க்குச் சாலை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வருமானத்தில் 20 கோடி வரியாகப் போய்விட்டால் கையில் நிற்பது 80 கோடி, அதில் 0.8 பங்கைச் செலவிட்டால் 64 கோடி. அந்த 64 கோடியிலும் 14 கோடி பெட்ரோல், கைபேசி போன்ற இறக்குமதிப் பொருள்களுக்காக வெளிநாட்டுக்குச் சென்றால், உள்நாட்டில் அடுத்தவருக்கு வருமானமாவது 50 கோடி மட்டுமே. பிறகு 25, பிறகு 12.5 என்று தேய்ந்து, மொத்தம் 500 கோடியில் அல்ல, 200 கோடியில் நிற்கும். பெருக்கி 5 அல்ல, 2.

வட்டியும் இதே சங்கிலியில்தான் வேலை செய்கிறது. ஒருவர் கடன் வாங்கிக் கட்ட நினைத்த வீட்டைத் தள்ளிப்போட்டால், கொத்தனாருக்கும் செங்கல் சூளைக்கும் போக வேண்டிய முதல் சுற்று வருமானம் நின்றுவிடுகிறது. அதற்குப் பின்வரும் சுற்றுகளும் அதே விகிதத்தில் சுருங்குகின்றன. தேவை தளரும்போது விற்பவரால் முன்புபோல் விலையை ஏற்ற முடிவதில்லை. அந்த அம்புக்குறிக்குள் இத்தனை படிகள் ஒளிந்திருக்கின்றன. இவை நடந்து முடியப் பல மாதங்கள் ஆகும் என்பதை ஸ்லைடு சொல்லாமல் விட்டது பெருங்குறை.

வீட்டுக்கடன் கட்டுபவர்:
வட்டி ஏறினால் மாதத் தவணை ஏறாது, ஆண்டுகள்தான் நீளும் என்று நம்பியிருந்தேன். 2022 ஜனவரியில் 30 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுகளுக்கு வாங்கினேன். தவணை 23,259 ரூபாய். ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது; அது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, என் வட்டி 9.5 ஆனது. அப்போது மீதமிருந்த அசல் ஏறக்குறைய 29.5 லட்சம், ஒரு மாத வட்டியே 23,350 ரூபாயைத் தாண்டிவிட்டதால், எத்தனை ஆண்டுகள் நீட்டினாலும் கடன் தீராது என்ற நிலை வந்தது. வங்கி தவணையை ஏறத்தாழ 28,000 ஆக உயர்த்தியது. என் கேள்வி வேறு: இப்போது முன்கூட்டியே அசலில் ஒரு பகுதியைக் கட்டுவது நல்லதா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால், மாதம் கூடுதலாகப் போகும் அந்த 4,700 ரூபாயை எந்தச் செலவிலிருந்து குறைத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாணவி கேட்ட தொடர்பு அங்கே இருக்கிறது.

மளிகை மொத்த வியாபாரி:
எனக்கு இது முழுவதும் ஒப்புதலில்லை. வட்டி ஏறினால் தக்காளி விளையாது. 2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதமாகப் பாய்ந்தது காய்கறி விலையால், செப்டம்பரில் 5.02 ஆக இறங்கியது வரத்து கூடியதால். ரெப்போ விகிதமோ இரண்டு மாதங்களிலும் அதே 6.5. மேலும், நாங்கள் சரக்கு வாங்கும் கடனுக்கு வட்டி ஏறினால் அதையும் விலையில்தான் வைக்கிறோம்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
தக்காளியைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அதனால்தான் ரிசர்வ் வங்கியும் அப்போது வட்டியை மேலும் ஏற்றவில்லை. நம் விலைக் குறியீட்டில் அப்போது ஏறக்குறைய 46 சதவீதம் உணவாக இருந்ததால், இங்கே அந்த அம்புக்குறி பாடநூலில் இருப்பதைவிட மெலிந்திருந்தது. ஆனால் உணவையும் எரிபொருளையும் நீக்கிப் பார்த்தால், 2022இல் 6 சதவீதத்தை ஒட்டியிருந்த பணவீக்கம் 2023 இறுதியில் 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. கடன் செலவை விலையில் வைக்கலாம் என்கிறீர்கள். வாங்குபவர் கையில் பணம் குறைந்திருக்கும்போது எவ்வளவு தூரம் வைக்க முடிந்தது?

மளிகை மொத்த வியாபாரி:
முழுவதையும் வைக்க முடியவில்லை, உண்மை. ஆயினும் அதே காலத்தில் உலகச் சந்தையில் சமையல் எண்ணெயும் கச்சா எண்ணெயும் இறங்கின. எண்ணெய் இறங்கினால் லாரி வாடகையும் உறை செலவும் இறங்கும், அது நீங்கள் சொல்லும் அந்த எண்ணுக்குள்ளும் புகுந்துவிடும். அதில் வட்டியின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

முதுகலை மாணவி:
இன்னொன்றும் இடிக்கிறது. வட்டி ஏறியபோது என் தாத்தாவுக்கு வைப்புத்தொகை வட்டி கூடியது, அவர் அதை முழுவதும் செலவுதான் செய்தார்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
நல்ல கவனிப்பு. பொதுவாகக் கடனாளி குறைக்கும் செலவு, வைப்பாளர் கூட்டும் செலவைவிட அதிகம் என்று கொள்கிறோம். மேலும் கடன் வட்டி ரெப்போவோடு உடனே ஏறியது, வைப்பு வட்டி மெதுவாகத்தான் ஏறியது. வட்டியை நம்பி வாழும் முதியவர்கள் மிகுந்த ஊரில், கடனாளி குறைப்பதற்கும் வைப்பாளர் கூட்டுவதற்கும் உள்ள இடைவெளி குறுகலாம். வியாபாரி கேட்டதற்கு, எண்ணெய் விலையோடு தொடர்பு குறைந்த வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவற்றைத் தனியே எடுத்து, வட்டி ஏறிய பின் அவற்றின் வேகம் எப்போது தணிந்தது என்று மாதவாரியாகப் பார்ப்பது ஒரு வழி.

மளிகை மொத்த வியாபாரி:
பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும், ஐயா. அதில் மாதவாரி வேகம் எதையும் காட்டாது.