புதுப்பிப்பு: கராஜ் நிலத்து எண்ணெய்க் கறை

நான் முதல் கேட்டது: "சொரசொரப்பான கொங்கிறீற்றில உழவு இயந்திர ஒயிலும் கிறீஸும் ஊறிப்போச்சு. எப்படி எடுக்கிறது?"

மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்ன தம்பிக்கு: கிறீஸ் உடனே இளகினது உண்மை. ஆனால் கரைஞ்ச எண்ணெய் குழிகளுக்குள்ள இறங்கி, கறை இன்னும் அகலமாச்சு.

பரந்தன் பக்கத்து மேசன் அண்ணை சொன்னதுதான் வேலை செய்தது. முதலில கட்டிக் கிறீஸைத் தகட்டால சுரண்டினேன். பிறகு சலிச்ச மரத்தூளை டர்பன்டைனில களிபோலக் குழைச்சு, அரை அங்குலத் தடிப்பில அப்பி, பொலித்தீனால மூடி ஓரத்துக்குக் கல் வைச்சேன். மறுநாள் பொலித்தீனை எடுத்துக் காயவிட்டேன். காயும்போதுதான் கரைஞ்ச எண்ணெய் மேல ஏறித் தூளுக்குள்ள வரும். ஈரத்தோட கூட்டினால் பிரயோசனமில்லை. கதவு திறந்திருக்க வேணும், பக்கத்தில நெருப்பு கூடாது. எண்ணெய்த் தூளைக் குவிச்சு வைக்காதேங்கோ, தானாகவே பத்தலாம்.

கடைசியில சவர்க்காரத்தூள், சுடுதண்ணி, கட்டைத் தும்புத்தடி. காய்ஞ்ச பிறகு தண்ணி தெளிச்சுப் பாருங்கோ: உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் உள்ள இருக்கு. எஞ்சினுக்கு நேர்கீழ இடத்தில இப்பவும் உருளுது. அமிலம் போடலாமெண்டு ஒருத்தர் சொன்னார். அது சீமெந்தைத்தான் தின்னும், எண்ணெயை விட்டிடும் எண்டார் அண்ணை. அந்த இடத்துக்கு இரண்டாம் தரம் அப்பியிருக்கிறேன்.