13 அங்குலம் இருந்த முடி 9 ஆனது எப்படி?

குருவி
கீமோவில் முடி இழந்தவர்களின் விக்குக்குக் கொடுக்க இரண்டரை வருடம் வளர்த்தேன். நான் விசாரித்த இடத்தில் குறைந்தது 12 அங்குலம் கேட்டார்கள். பார்லரில் போனிடெயில் போட்டு டேப் வைத்தால் 13 வந்தது. வெட்டியாச்சு. வீட்டில் மேசைமேல் விரித்துப் பார்க்கிறேன், பாதி முடி 9 அங்குலத்திலேயே நிற்கிறது! எப்போதோ வெட்டிய லேயர் கட்டை மறந்தே போனேன். தரையில் விழுந்ததையும் வாரிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

ஊசிமுனை
எட்டு வருடமாக விக்கில் முடி கட்டுகிறேன். அளக்க வேண்டியது உங்கள் குட்டையான லேயரைத்தான். அது போக, ஒரே கொத்தாகக் கட்டினால் முன்நெற்றி முடி பின்னால் ரப்பர் பேண்டுக்கு வந்து சேருவதற்குள்ளேயே சில அங்குலம் போய்விடும். தலையை நாலைந்து பங்காகப் பிரித்து, தனித்தனியாகக் கட்டி, பேண்டுக்கு மேலே வெட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

முடி வந்ததும் ஆணிகள் நட்ட பலகையில் இழுப்போம், குட்டை முடியெல்லாம் கழியும். அப்புறம் வலைத்துணியில் கொக்கி ஊசியால் ஓரிரு இழையாக மடித்து முடிச்சுப் போடுவோம். அந்த மடிப்பிலும் நீளம் குறையும். 12 கேட்பது அதனால்தான்.

தரையில் வாரியது வேண்டாம். ஒரு முடியை நுனியிலிருந்து வேர் நோக்கி விரலால் உருவிப் பாருங்கள், சொரசொரக்கும். மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. வேரும் நுனியும் கலந்துவிட்டால் விக் சிக்குப் பிடித்துவிடும்.

மல்லிச்சரம்
அனுப்புவதற்கு முன் ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். டை அடித்த முடியை யாருமே வாங்க மாட்டார்கள்.

ஊசிமுனை
வெட்டிய பிறகு அலசினால் சிக்காகிவிடும், அலசுவதெல்லாம் தலையில் இருக்கும்போதே. டை விஷயம் இடத்துக்கு இடம் மாறும். ப்ளீச் செய்ததைத்தான் அநேகமாக எல்லோரும் தள்ளுவார்கள், இழுத்தால் அறுந்துவிடும்.

தயிர்சாதம்
நான் தலைக்குக் குளித்த கையோடு பின்னி, வெட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினேன். பின்னலுக்கு உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தால் ஒரே பூஞ்சை வாடை. மூன்று வருட முடி, குப்பைக்குப் போனது.

இளவேனில்
அம்மாவுக்கு அடுத்த மாதம் கீமோ. என் முடியைக் கொடுத்தால் அதிலேயே அவருக்கு விக் செய்து தருவார்களா?

ஊசிமுனை
தானமாகக் கொடுத்தால் அப்படி வராதும்மா. ஒரு விக்குக்குப் பல பேருடைய முடி வேண்டும், நிறமும் நீளமும் பார்த்துக் கலப்போம். உங்கள் முடியிலேயே வேண்டுமென்றால் விக் செய்பவரிடம் நேரில் பேச வேண்டும். கையால் கட்ட வாரக்கணக்கில் ஆகும், அடுத்த மாதத்துக்குள் கஷ்டம். இப்போதைக்குத் தயாராக இருக்கும் விக் ஒன்று பாருங்கள்.

குருவி
8 அங்குலம் போதும் என்கிற இடம் ஒன்று கிடைத்தது. பேண்டை அவிழ்க்காமல் அப்படியே அனுப்புகிறேன். நடுவில் ஏழெட்டு நரைமுடி இருக்கிறதே, பிடுங்கி எடுக்கட்டுமா?